பணம் வந்த வழி

எனக்கு அரபு தெரியும் என்று யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதிதான் உண்மை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்று, ஏச்சு வாங்கி வாங்கி அரபு கதைக்கப் பழகினேன். பிறகு பணம் அனுப்பும் கடை ஒன்றில் கவுண்டரில் இருக்க இடம் கிடைத்தது. எழுத்து அங்கேதான் வந்தது. அனுப்புபவர், பெறுபவர், தொகை, நாணய மாற்று வீதம், கட்டணம், வரி, மொத்தம். என்னுடைய அரபுப் படிப்பு இவ்வளவுதான். அரபுப் பத்திரிகை ஒன்றைத் தந்தால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பேன். பணம் அனுப்பிய ரசீதுத் துண்டைத் தந்தால் ஒரு மூச்சில் வாசிப்பேன்.

இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, கட்டாருக்கும் சவூதிக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீட்டுக்காரர்கள் துண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். அதுவும் சமைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். நான் முகத்தைச் சுளிப்பேன், புறுபுறுப்பேன், பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தும் கொடுப்பேன். அந்தக் கெட்ட குணமும் நல்ல குணமும் கவுண்டரில் இருந்தே ஒட்டிக்கொண்டு வந்தவை.

கவுண்டரில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆள் கையெழுத்து வைக்குமுன் துண்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் அவருடைய மொழியில் உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து வைத்தபிறகு, எனக்குத் தெரியாது, ஒருவரும் சொல்லவில்லை என்று வந்து நின்றால் பயனில்லை. வீட்டு வேலைக்கு வந்த எங்கள் பெண்களுக்கு நான்தான் வாசிப்பேன். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு, ஒரு வரியும் விடாமல். அந்த வாய்ப்பழக்கம் இப்படி ஒரு நாளுக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று சனிக்கிழமை. நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு மாமியாரும் மருமகளும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். இருவரும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். ஞாயிறு பூசைக்குக்கூட வேறு வேறு வாங்கில் இருக்கிற ஆட்கள் அவர்கள். மாமியார் முன்னால் வந்தாள், மருமகள் நாலு அடி பின்னால். மருமகளின் கண் வீங்கியிருந்தது.

மாமியாரின் ஒரே மகன், மருமகளின் புருஷன், சவூதியில் இரும்பு வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை. முன்பு இங்கே கடலுக்குப் போனவன். நான் ஊருக்குத் திரும்புமுன்பே அவன் போய்விட்டான், அதனால் எனக்கு அவனைச் சிறுவயது முகமாகத்தான் தெரியும். நான் வந்துவிட்டதும் துண்டு வாசிப்பதும் அவனுக்குத் தெரியாது.

"பிள்ளை, உந்த நண்டை வை. ஒரு ஞாயம் கேக்க வந்தனான்" என்றாள் மாமியார்.

"ஞாயம் கேக்கிறதெண்டால் சுவாமியிட்டைப் போங்கோ அக்கா. என்னட்டைத் துண்டு மட்டுந்தான் வாசிக்கலாம்."

"துண்டுதான். இந்தா."

கொமினிக்கேஷன் கடையில் அச்செடுத்த கடதாசி. முழுக்க அரபு. எழுத்துகளுக்கு நடுவே எண்கள். கீழ் ஓரத்தில் ஒரு கறுத்த அழுக்கு. கடைக்காரனின் மெஷினில் மை கசிகிறது என்று மாமியார் அவனுடனும் சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கதை இதுதான். போன மாதம் மகன் குரல்செய்தி அனுப்பியிருக்கிறான்: கொம்பனி போனஸ் தந்திருக்கிறது, இருபது லட்சத்துக்குக் கிட்ட வரும், வீட்டுக்கு ஓடு போட்டு முடியுங்கோ என்று. பணம் மருமகளின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் குறைவாக வந்தது. அதே கிழமைக்குள் மருமகளின் தம்பி தன் வள்ளத்துக்குப் பழைய இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டான். போதாதா? மாமியார் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"உவள்தான் எடுத்துத் தம்பிக்குக் குடுத்தவள். இனி என்ரை கணக்குக்குத்தான் காசு போட வேணும் எண்டு அவனுக்குச் சொல்லப்போறன். கடற்றொழிலாளர் சங்கத்திலையும் சொல்லுவன், கோயிலிலையும் சொல்லுவன்."

"நான் தொடேல்லை, அன்ரி" என்றாள் மருமகள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

குருநகரில் ஒரு பெண்ணுக்குக் கள்ளி என்ற பேர் விழுந்தால் அது அவளுடைய பிள்ளைகளின் கலியாணம் வரை பின்னாலேயே வரும். அதனால்தான் அவள் புருஷனிடம் துண்டை அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அவன் நாளை, நாளை என்று இழுத்து, கடைசியில் இவள் அழுதபிறகு அனுப்பியிருக்கிறான். ஏன் இழுத்தான் என்று நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

"இஞ்சை பார்" என்று மாமியார் தாளில் இருந்ததிலேயே மிகப் பெரிய எண்ணில் விரலைக் குத்தினாள். "எவ்வளவு பெரிய கணக்கு! இவ்வளவும் எங்கை போனது?"

"அக்கா, அது உங்கடை மருமகளின்ரை கணக்கு நம்பர். அவ்வளவு காசு இருந்தால் உங்கடை மகன் அந்தக் கொம்பனியையே வாங்கியிருப்பான்."

மருமகளின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் போட்டேன். மருமகள் புத்திசாலி, இங்கே அவளுடைய வங்கி தந்த கடதாசியையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, இவன் முந்தி எப்பிடிக் காசு அனுப்பினவன்?"

"காசுக்கடையிலை குடுத்து அனுப்புறவன். சொன்ன காசு சொன்னபடி வரும்."

"ஓம். அங்கை காசு கட்டேக்கையே எத்தனை இலங்கை ரூபாய் எண்டு முடிவாயிடும். ஒரு சின்னக் கட்டணம், அதோடை சரி. இது காசுக்கடைத் துண்டு இல்லை. வங்கியாலை டொலரிலை அனுப்பியிருக்கிறான். பெரிய தொகை எண்டபடியால் போலை. இதிலை பிடுங்கல் கூட."

மாமியார் சந்தேகத்தோடு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். நான் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து எழுதி எழுதிக் காட்டினேன். அவனுடைய கணக்கில் இருந்து எடுத்தது இத்தனை ரியால். அந்த வங்கியின் கட்டணம் இது. அதன்கீழே இருப்பது வரி. அது கட்டணத்துக்கு மட்டும் போடுகிற வரி, முழுத் தொகைக்கும் அல்ல. இவை இரண்டையும் அவன் அங்கேயே தனியாகக் கட்டிவிட்டான். ரியாலை டொலராக்கிய வீதம் இது. அனுப்பிய டொலர் இது.

"இனி இந்த வசனத்தைப் பாருங்கோ. வெளிநாட்டு வங்கிகளின்ரை கட்டணம் பெறுபவர் பொறுப்பு எண்டு கிடக்குது. சவூதி வங்கியிலையிருந்து யாழ்ப்பாணத்து வங்கிக்குக் காசு நேர வராது. நடுவிலை வேறை ஒரு வங்கிக்குள்ளாலை வரும். அந்த வங்கிக்காரன் தன்ரை கூலியை வரேக்கையே எடுத்துப்போட்டுத்தான் விடுவான். இஞ்சை வந்த டொலரைப் பாருங்கோ, அங்கை அனுப்பின டொலரைப் பாருங்கோ. குறையுதெல்லே?"

"குறையுது" என்றாள் மாமியார், மனமில்லாமல்.

"அது நடுவிலை நிண்டவன் எடுத்தது. ஆனால் அது சின்னக் காசு. பெரிய ஓட்டை இஞ்சை இருக்குது. உங்கடை மகன் போனிலை டொலர் விலையைப் பார்த்துப் பெருக்கியிருப்பான். போனிலை காட்டுறது ஒரு நடு விலை. எங்கடை வங்கி டொலரை வாங்குற விலை அதைவிடக் குறைவு. ஒரு டொலருக்கு ஆறு ரூபாய் வித்தியாசம் எண்டாலும், இத்தனை ஆயிரம் டொலருக்குப் பெருக்குங்கோ."

பெருக்கிக் காட்டினேன். அதோடு நடுவங்கி எடுத்ததையும், இங்கத்தைய வங்கியின் சிறு கட்டணத்தையும் கூட்டினேன். குறைந்த பணம் முழுவதும் அந்தத் தாளில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

"உங்கடை மருமகள் ஒரு சதமும் தொடேல்லை, அக்கா. உந்தப் பிள்ளையைச் சும்மா அழ வைச்சிருக்கிறியள்."

மருமகள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்ல அழுகை. மாமியார் தோற்றுப்போன ஆள் முகத்தோடு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தோற்றவளுக்கு இன்னும் ஒரு பிடி வேண்டியிருந்தது.

"கீழை இன்னும் எழுத்துக் கிடக்குது. அதை ஏன் விட்டனி? முழுக்க வாசி. ஒரு வரியும் விடாதை."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னையும் சேர்த்தல்லவா சந்தேகப்படுகிறாள்! சரி, கேள், என்று மேலிருந்து தொடங்கினேன். கவுண்டரில் வாசித்த அதே குரலில், அதே வேகத்தில். திகதி, அவர்களுடைய மாதத்தில் ஒன்று, எங்களுடைய மாதத்தில் ஒன்று. அனுப்புபவர் பெயர். பெறுபவர் பெயர். உறவு, மனைவி. அனுப்பும் நோக்கம், குடும்பச் செலவு.

அடுத்தது பணம் வந்த வழி. இந்தப் பணம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று வங்கி கேட்கும் வரி அது. கவுண்டரில் அந்த வரியை நான் பார்த்து வாசித்ததே இல்லை. வருகிற எல்லோருக்கும் அது சம்பளம்தான். அன்றும் சம்பளம் என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. ஆனால் விரல் அந்த இடத்தில் இருந்தது, கண் விரலோடு இருந்தது, வாய் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டது.

"பணம் வந்த வழி: வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான நட்டஈடு."

சொல்லி முடித்தபிறகுதான் என் காதுக்குக் கேட்டது. திரும்ப வாசித்தேன். பிழையாக வாசித்திருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். பிழை இல்லை. கவுண்டர்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் சம்பளத்துக்குக் கீழே இருந்த அதே சொற்கள்தான்.

"என்ன நட்டஈடு?" என்றாள் மாமியார். "ரோலர் படகுக்காரன் வலை அறுத்தால் தாறது மாதிரியோ? அவன் அங்கை வலை போடுறேல்லையே?"

"அது... அது சும்மா ஒரு சொல், அக்கா. வங்கிக்காரர் ஏதாவது போட்டு நிரப்புவினம்."

நான் நன்றாகப் பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. மருமகள் முகத்தில் இருந்து தலைப்பை எடுத்தாள்.

"அன்ரி, காயம் எண்டு வாசிச்சனீங்கள்."

நான் துண்டை மடிக்கப் போனேன்.

"கடைசி வரி என்ன?"

கடைசியில் கையெழுத்துக்கான பெட்டி. அதற்குள்தான் அந்தக் கறுத்த அழுக்கு. பக்கத்தில் யாரோ பேனாவால் இரண்டு மூன்று சொல் எழுதியிருந்தார்கள், அச்சில் தெளிவில்லை. மருமகள் தன் போனை எடுத்தாள். அவன் அனுப்பிய படத்தைத் திறந்து, அந்த மூலையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி என் முன்னால் பிடித்தாள்.

போனில் அது கறுப்பு இல்லை. நீலம். சுழி சுழியாக வரிகள். மெஷினில் கசிந்த மை என்று நாங்கள் நினைத்தது ஒரு மனிதனின் விரல்.

"எழுதியிருக்கிறதை வாசியுங்கோ, அன்ரி."

"இடது பெருவிரல் அடையாளம்" என்றேன்.

அரபுக்காரன் விரல் அடையாளம் வாங்குவது யாரிடம் என்று எனக்குத் தெரியும். எழுதத் தெரியாதவர்களிடம். அல்லது பேனா பிடிக்க முடியாதவர்களிடம்.

"அவர் கையெழுத்து வைக்கிறவர்" என்றாள் மருமகள். மிக அமைதியாகச் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "கலியாணப் பதிவிலை பேருக்குக் கீழை தூண்டில் மாதிரி வளைச்சு இழுத்து வைச்சவர். பதிவுகாரர்கூடச் சிரிச்சவர்."

பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள், எங்களுக்கு அல்ல, தனக்குத்தானே. கொஞ்சக் காலமாக அவன் எழுதி அனுப்புவதே இல்லை, எல்லாம் குரல்செய்தி. வீடியோவில் வருவதில்லை, கமரா உடைந்துவிட்டது என்றான். பட்டறையில் வேலை குறைவு, அறையில்தான் இருக்கிறேன் என்றான். சின்னவளின் பிறந்தநாளுக்குப் படம் கேட்டதற்குப் பழைய படம் ஒன்றை அனுப்பினான். இவள் அதற்கு வேறு காரணம் நினைத்து, அங்கே யாரோ இருக்கிறாள் என்று நினைத்து, இரண்டு கிழமை அவனோடு கதைக்காமல் இருந்திருக்கிறாள்.

"கடவுளே, நான் அவரை ஏசினனான்" என்றாள்.

மாமியாருக்கு அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கியது. அவள் அந்தப் போனை வாங்கி, நீலச் சுழியைத் தடவினாள். கண்ணாடியில் விரல் பட்டதும் படம் சுருங்கிப் பழையபடி சின்னதாகிவிட்டது. திரும்பவும் பெரிதாக்கித் தரச் சொல்லி மருமகளிடம் நீட்டினாள். மருமகள் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

"வலக்கையாலைதானே அவன் எல்லாம் செய்யிறவன்" என்றாள் மாமியார். "வலை பின்னினாலும் அந்தக் கைதான். சோறு திண்டாலும் அந்தக் கைதான்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "கை இருக்குமோ பிள்ளை? துண்டிலை அது போடேல்லையோ?"

இல்லை. துண்டில் அது போடுவதில்லை. தொகை போடுவார்கள், வீதம் போடுவார்கள், வரி போடுவார்கள். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலையில் உறுப்புப் பழுதானால் ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது? சற்றுமுன் அதே பணத்தை டொலராக்கி, ரூபாயாக்கி, பெருக்கிக் கூட்டிப் பெருமைப்பட்டவள் நான். என் தாளைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவன் அந்தத் துண்டை வெட்டாமல், மறைக்காமல் முழுதாக அனுப்பியிருந்தான். ஊரில் யார் இதை வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். பெண்சாதிக்குக் கள்ளி என்று பேர் வரக்கூடாது, அது ஒன்றுதான் அவனுக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

மருமகள் அவனுக்கு அழைப்பு எடுத்தாள். வீடியோ இல்லை, வெறும் குரல். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னப்பா இந்த நேரத்திலை?" என்றான்.

"வீடியோவிலை வாங்கோ."

"கமரா வேலை செய்யேல்லை எண்டெல்லே சொன்னனான்."

"கையைக் காட்ட வேண்டாம். முகத்தை மட்டும் காட்டுங்கோ."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. மாமியார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கழுவியும் நண்டு வாசம் என் கையை விட்டு இன்னும் போகவில்லை. நான் அதை விடுவிக்கவில்லை.

பிறகு திரையில் முகம் வந்தது. தாடி வளர்ந்திருந்தது. தட்டுக் கட்டிலின் இரும்புக் கம்பி பின்னால் தெரிந்தது. தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாதபடி போனைப் பிடித்திருந்தான்.

"ஆர் சொன்னது?" என்றான்.

"துண்டு" என்றாள் அவள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எதைக் கேட்பது? கடைசியில் அவனே, கதைக்கக்கூடியதாக இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கதைத்தான்.

"அம்மா காசு குறையுது எண்டு சொன்னவ எல்லே. கணக்குப் பாத்தனீங்களே? முழுசா வந்ததோ?"

நான் மேசையில் இருந்த என் தாளை எடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கட்டணம், நடுவங்கி என்று தொடங்கப் போனேன். மாமியார் அதை என் கையில் இருந்து பிடுங்கிக் கசக்கித் தன் மடிக்குள் வைத்தாள். மருமகளைப் பக்கத்தில் இழுத்து, அவளுடைய கன்னம் தன் கன்னத்தோடு படும்படி அணைத்துக்கொண்டு, இரண்டு முகமும் தெரிகிற மாதிரிப் போனைப் பிடித்தாள்.

"முழுசா வந்தது ராசா" என்றாள். "ஒரு சதமும் குறையேல்லை."